30-லிருந்து 24: என்.பி.எஸ். உண்மையிலேயே விழுந்ததா?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "எங்கள் நிறுவனத்தின் என்.பி.எஸ். போன மாதம் 30, இந்த மாதம் 24. மாதத்துக்கு நூறு பேர் பதில் சொல்கிறார்கள். வரைபடத்தில் கோடு கீழே போவதைப் பார்த்து மேலதிகாரிகள் காரணம் கேட்கிறார்கள். என்ன சொல்வது?"

நெட் பிரமோட்டர் ஸ்கோர் என்ற இந்த அளவை 2003-இல் ஃபிரெட் ரைக்ஹெல்ட் என்ற மேலாண்மை ஆலோசகர் அறிமுகப்படுத்தினார். "எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா?" என்று கேட்டு 0 முதல் 10 வரை மதிப்பெண் வாங்குவார்கள். 9, 10 போட்டவர்கள் பிரமோட்டர்கள். 7, 8 போட்டவர்கள் பாசிவ்கள். 6-உம் அதற்குக் கீழும் போட்டவர்கள் டிட்ராக்டர்கள். பிரமோட்டர் சதவீதத்திலிருந்து டிட்ராக்டர் சதவீதத்தைக் கழித்தால் ஸ்கோர் வந்துவிடும்.

வாசகர் அனுப்பிய கணக்கில் போன மாதம் பிரமோட்டர்கள் 50, பாசிவ்கள் 30, டிட்ராக்டர்கள் 20. இந்த மாதம் 46, 32, 22. அதாவது பிரமோட்டர்களில் நான்கு பேர் குறைவு, டிட்ராக்டர்களில் இரண்டு பேர் கூடுதல். அவ்வளவுதான் நடந்திருக்கிறது. வேறு நூறு பேர் பதில் சொல்லியிருந்தால் இந்த வித்தியாசம் தானாகவே வந்திருக்காதா?

இதைக் கணக்கிடும் வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. பிரமோட்டருக்கு +1, பாசிவுக்கு 0, டிட்ராக்டருக்கு −1 என்று ஆளுக்கு ஓர் எண் கொடுத்துவிடுங்கள். எல்லா எண்களின் சராசரிதான் ஸ்கோர், 0.30 என்று வரும், நூறால் பெருக்கினால் 30. சராசரி என்று ஆகிவிட்டால் பள்ளியில் படித்த மாறுபாட்டுச் சூத்திரம் அப்படியே பொருந்தும்: வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். இங்கேதான் அழகு. +1-ஐ வர்க்கப்படுத்தினாலும் 1, −1-ஐ வர்க்கப்படுத்தினாலும் 1. எதிரெதிர் அணிகள் இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்கின்றன. பாசிவ்கள் பூஜ்யமாகி மறைந்துவிடுகிறார்கள். மிஞ்சுவது இது:

```
(P + D) − (P − D)²
```

P, D இரண்டும் பின்னமாக எழுதிய பிரமோட்டர், டிட்ராக்டர் பங்குகள். போன மாதத்துக்கு 0.70 − 0.09 = 0.61. இதை நூறு பேரால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 0.078, அதாவது 7.8 புள்ளி. தற்செயலால் மட்டுமே ஸ்கோர் வழக்கமாகத் தடுமாறும் அளவு இது. நூறில் 95 முறை இந்தத் தடுமாற்றம் அடங்கிவிடும் வழக்கமான எல்லைக்கு அதை 1.96-ஆல் பெருக்க வேண்டும்: 30, கூட்டியோ குறைத்தோ 15. இரண்டு மாதங்களை ஒப்பிடும்போது இரண்டின் தடுமாற்றமும் சேர்வதால் எல்லை சுமார் 22 புள்ளியாக விரிகிறது. 6 புள்ளி இறக்கம் அதற்குள் சுலபமாக அடங்கிவிடும். அது எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால் மாதத்துக்குச் சுமார் 1,300 பதில்கள் வேண்டும். நூறு பேரை வைத்துக்கொண்டு ஆறு புள்ளிக்காக ஊழியரின் ஊக்கத்தொகையை வெட்டுவதும் சகுனம் பார்த்து முடிவெடுப்பதும் ஒன்றுதான் என்பது என் கருத்து.

சூத்திரம் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. 30 பேர் பிரமோட்டர், மீதி 70 பேரும் பாசிவ் என்றாலும் ஸ்கோர் 30தான். 65 பிரமோட்டர், 35 டிட்ராக்டர் என்றாலும் 30தான். ஆனால் முதலாவதில் எல்லை 9 புள்ளி, இரண்டாவதில் கிட்டத்தட்ட 19. முதல் நிறுவனத்தின் மீது யாருக்கும் கோபமில்லை. இரண்டாவதில் மூவரில் ஒருவருக்கு மேல் அதிருப்தியில் இருக்கிறார்கள், இடைப்பட்டவர் என்று ஒருவரும் இல்லை. ஸ்கோரை மட்டும் கோடாக வரைந்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

அதனால் வரைபடத்தில் மூன்று பங்குகளையும் மாதவாரியாக அடுக்குப் பட்டைகளாகப் போடுவதே சரி. பூஜ்யக் கோட்டுக்கு மேலே பிரமோட்டர்கள், கீழே டிட்ராக்டர்கள், பாசிவ்கள் தனியாக ஓர் ஓரத்தில். ஸ்கோர் கோட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் கீழும் பிழை எல்லை; ஒவ்வொரு மாதத்தின் அடியிலும் பதில் சொன்னவர்களின் எண்ணிக்கை. பதில்கள் குறைவென்றால் மூன்று மாதப் பதில்களைச் சேர்த்து ஒரே புள்ளியாக வரையலாம். தடுமாற்றம் குறையும், ஆனால் உண்மையான சரிவு ஒன்று வந்தால் அது முழுதாகத் தெரிவதற்கு மூன்று மாதம் ஆகும்.

இந்தப் பிழை எல்லைக்கும் ஒரு வரம்பு உண்டு. பதில் சொன்னவர்கள் தற்செயலாக அமைந்த மாதிரி என்று அது எடுத்துக்கொள்கிறது. போன மாதம் எல்லோருக்கும் கேள்வி அனுப்பிவிட்டு, இந்த மாதம் புகார் கொடுத்தவர்களுக்கு மட்டும் அனுப்பியிருந்தால் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது. எனவே வாசகர் மேலதிகாரிகளிடம் போவதற்கு முன், இரண்டு மாதமும் கேள்வி யாருக்குப் போனது, அவர்களில் எத்தனை சதவீதம் பேர் பதில் சொன்னார்கள் என்று பார்த்துவிடட்டும். அது இரண்டும் மாறவில்லையென்றால், "இந்த இறக்கத்துக்குக் காரணம் தேடும் அளவுக்கு நம்மிடம் தரவு இல்லை" என்று தைரியமாகச் சொல்லலாம்.