படத்தைத் தெளிவாக்குவது எதுவரை, மாற்றுவது எங்கிருந்து?

செய்திப் படத்திலும் சாட்சியப் படத்திலும் கையே வைக்கக் கூடாது என்பதல்ல விதி. ஏபி செய்தி நிறுவனத்தின் விதிகள் ஓரங்களை வெட்டுவதையும், வெளிச்சத்தையும் நிறத்தையும் தேவையான அளவு மட்டும் சரிசெய்வதையும் அனுமதிக்கின்றன. படத்தில் இல்லாததைச் சேர்ப்பதும் இருப்பதை நீக்குவதும்தான் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

இருட்டில் பதிவான ஒரு கண்காணிப்பு கேமராப் படத்தை எடுத்துக்கொள்வோம். வண்டியின் எண் பலகை வெறும் கறுப்பாகத் தெரிகிறது. பிக்சல் மதிப்புகளைப் பார்த்தால், 0 முதல் 255 வரையான அளவில் அந்த இடம் 0 முதல் 40க்குள் அடங்கியிருக்கிறது. படத் திருத்த மென்பொருளில் வெளிச்ச அளவுகளை மாற்றும் லெவல்ஸ் கருவியில் அந்த 40ஐ 255க்கு இழுத்தால் எழுத்துகள் தெரியவரும். எழுத்துக்கும் பலகைக்கும் உள்ள வேறுபாடு முன்பே பதிவாகியிருந்தது, கண்ணுக்குத்தான் எட்டவில்லை. வேறொருவர் அதே அமைப்பைப் போட்டாலும் அதே படம்தான் வரும். இது தெளிவாக்கல். ஆனால் 40க்கு மேல் இருந்த பகுதிகள் முழுக்க வெளுத்துப்போகும். அதனால்தான் மூலப்படத்தைப் பக்கத்திலேயே வைக்க வேண்டும்.

சரி, வண்டி தூரத்தில் நிற்கிறது, பத்து எழுத்துள்ள பலகை மொத்தமே 15 பிக்சல் அகலம் என்றால்? ஓர் எழுத்துக்கு ஒன்றரை பிக்சல்தான். 3ஐயும் 8ஐயும் பிரித்துக் காட்டும் தகவலே அதில் இல்லை. ஏஐ மூலம் பெரிதாக்கும் மென்பொருள் அங்கே கூர்மையான ஓர் 8ஐக் காட்டலாம். அது கேமரா பார்த்தது அல்ல, மென்பொருள் ஊகித்தது. பார்க்கிறவர் அந்தக் கூர்மையை நம்பிவிடுவார் என்பதுதான் இதில் எனக்குள்ள பெரிய கவலை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில நீதிமன்றம் ஒன்று 2024இல், ஒரு கொலை வழக்கில் இப்படி ஏஐ மூலம் மேம்படுத்திய வீடியோவைச் சாட்சியமாக ஏற்க மறுத்தது.

எதையும் புதிதாகச் சேர்க்காமலே எல்லை தாண்டவும் முடியும். 1994இல் டைம் இதழ், கொலை வழக்கில் கைதான முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ. ஜே. சிம்ப்சனின் போலீஸ் படத்தை மிகவும் இருட்டாக்கி அட்டையில் போட்டது. அதே வாரம் நியூஸ்வீக் அதே படத்தை அப்படி இருட்டாக்காமல் வெளியிட்டதால், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கடைகளில் இருந்தன. முக்கியமாக மாறியது வெளிச்சம்தான் என்றாலும், அந்த மனிதரைப் பற்றிய எண்ணமே மாறிப்போனது.

திருத்தியதை எப்படி அறிவிப்பது? முதலில் மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, கோப்பின் கைரேகை போன்ற அதன் SHA-256 எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் அதற்கான கட்டளை:

```
sha256sum mulam.jpg
```

கோப்பில் ஒரு பிட் மாறினாலும் இந்த எண் வேறாக வரும். வேலையை நகலில் மட்டும் செய்து, மென்பொருளின் பெயர், பதிப்பு, ஒவ்வொரு படி, அதற்குக் கொடுத்த மதிப்பு எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வையுங்கள். அப்புறம் படத்தின் அடியிலேயே, "எண் பலகை தெரிவதற்காக முழுப் படத்தின் வெளிச்சமும் கூட்டப்பட்டது, இடது ஓரம் வெட்டப்பட்டது, மூலப்படம் உள்ளது" என்று போடுங்கள். "மேம்படுத்தப்பட்டது" என்ற ஒற்றைச் சொல் போதாது, லெவல்ஸை இழுத்ததையும் ஏஐ ஊகித்ததையும் அது ஒன்றாக்கிவிடும்.