குங்குமம் ஏன் கறுப்பாக இருக்கிறது? பழைய குடும்பப் படத்துக்கு வண்ணம் ஏற்றும் முன்

சேலத்தில் பழைய படங்களைச் சரிசெய்து, கேட்பவர்களுக்கு வண்ணமும் ஏற்றிக் கொடுப்பது என் தொழில். போன ஆடி மாதம் அம்மாப்பேட்டையில் இருந்து ஒருவர் தன் தாத்தா, பாட்டி, இரண்டு குழந்தைகள் இருக்கும் ஸ்டூடியோ படத்தைக் கொண்டு வந்தார். நெசவுக் குடும்பம். தாத்தா நாற்காலியில், பாட்டி பக்கத்தில் நின்றபடி, பின்னால் வரைந்த திரை. படத்தின் பின்பக்கம் பென்சிலில் 1951 என்று எழுதியிருந்தது. கூடவே, வேறொரு கடையில் ஏற்கெனவே வண்ணம் ஏற்றி வாங்கிய பிரிண்ட் ஒன்றும் வைத்திருந்தார். அதில் பாட்டிக்குச் சந்தன நிறச் சேலை, கறுப்பு பார்டர், ரோஜாப்பூ நிறத்தில் முகம்.

"எங்கம்மா இதைப் பார்த்துட்டு, இது யாருடான்னு கேட்டுட்டாங்க சார்" என்றார்.

அந்தப் படத்தை வண்ணமேற்றியவர் சோம்பேறித்தனமாக வேலை செய்யவில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் வெளிறி இருப்பதெல்லாம் வெளிர்நிறம், இருட்டாக இருப்பதெல்லாம் அடர்நிறம் என்று நம்பியிருக்கிறார். பார்ப்பவர் யாரும் அப்படித்தான் நம்புவார்கள். ஆனால் அந்தக் கால ஃபிலிம் நம் கண்ணைப் போல உலகத்தைப் பார்க்கவில்லை.

பழைய ஸ்டூடியோக்களில் வெகுகாலம் புழங்கியது ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிம். அதற்கு நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு தெரியாது. அதனால்தான் சிவப்பு விளக்கு வெளிச்சத்திலேயே, கண்ணால் பார்த்துக்கொண்டே அதைக் கழுவ முடிந்தது. எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமேட்டிக் ஃபிலிம் என்றால் முழு இருட்டில் கழுவ வேண்டும். சிவப்பு தெரியாத ஃபிலிமில் சிவப்புச் சேலை கறுப்பாக விழும், நல்ல நீலம் வெளிறிப்போகும். மஞ்சள் பூசிய முகம் உள்ளதைவிட இருட்டாகத் தெரியும். நம் மாநிறத் தோலில் சிவப்பும் மஞ்சளும்தான் அதிகம், ஆகவே தோலும் கருத்துப்போகும்.

கையில் இருக்கும் படம் எந்த ஃபிலிமில் எடுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் முதலில் பார்ப்பது பெண்களின் நெற்றி. குங்குமப் பொட்டு தலைமுடி அளவுக்குக் கறுப்பாக இருந்தால் ஆர்த்தோ என்ற சந்தேகம் வரவேண்டும். ஆனால் சாந்துப் பொட்டு நிஜமாகவே கறுப்பு. அதனால் பொட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் உதட்டையும் பாருங்கள். குழந்தைகளின் உதடுகூட சாயம் பூசினாற்போல் இருட்டாக இருந்தால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி. அம்மாப்பேட்டைப் படத்தில் இரண்டும் அப்படித்தான் இருந்தன.

இனி வேலைக்கு வருவோம். படம் கறுப்பு வெள்ளைதான் என்றாலும் வண்ணத்தில், 16 பிட்டில், 600 டிபிஐயில் ஸ்கேன் செய்கிறேன். பழுப்பேறிய மஞ்சள் கறைகள் சிவப்புச் சேனலில் மிகக் குறைவாகத்தான் தெரியும். அந்தச் சேனலை மட்டும் எடுத்துக்கொண்டால் கறையில் பாதி தானாகவே மறைந்துவிடும். 16 பிட் எதற்கு என்பது கொஞ்சம் தள்ளிப் புரியும்.

போட்டோஷாப்பில் வண்ணம் ஏற்றுகிறவர்கள் வழக்கமாக ஒரு லேயரை `Color` என்ற முறையில் வைத்து அதில் பூசுவார்கள். அந்த முறை நிறத்தை மட்டும்தான் கொடுக்கும், வெளிச்சத்தின் அளவைக் கீழே இருக்கும் கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கறுப்பு 0, வெள்ளை 255 என்று வைத்துக்கொண்டால், பாட்டியின் சேலை பார்டர் அந்தப் படத்தில் 22-இல் நின்றது. அரக்குச் சிவப்பு கண்ணுக்கு அரக்காகத் தெரிய வேண்டுமானால் அதன் வெளிச்சம் 50 அளவிலாவது இருக்க வேண்டும். 22-இன் மேல் எவ்வளவு சிவப்பைப் பூசினாலும் கறுப்பில் லேசாகச் செம்மை தட்டுமே தவிர அரக்கு வராது. அதைப் பார்த்துவிட்டு, சரி, கறுப்பு பார்டர்தான் போல என்று முடிவு செய்துவிடுவார்கள். எனவே முதலில் சாம்பலைச் சரிசெய்ய வேண்டும், நிறம் அதற்கப்புறம்தான்.

ஆனால் அது அரக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடர் பச்சையும் இருட்டாகத்தான் விழும். வந்தவரிடம் "பாட்டி சேலை என்ன கலர்" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் நான்கு பேர் நான்கு நிறம் சொல்வார்கள், நால்வரும் உறுதியாகவே சொல்வார்கள். "பாட்டியோட டிரங்குப் பெட்டி இன்னும் இருக்கா?" என்று கேட்டேன். இருந்தது. இரண்டு நாள் கழித்துச் சேலையையே எடுத்து வந்தார். உடல் மயில் கழுத்து நீலம், பார்டர் அரக்கு, நடுவில் சரிகை. முந்தைய பிரிண்ட்டில் சந்தன நிறமாகப் போனது இந்த நீலம்தான்.

பழைய துணியிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. மடிப்பின் வெளிப்பக்கம் வெளுத்திருக்கும். உள்மடிப்பைப் பிரித்து, நேர் வெயில் படாத திண்ணை வெளிச்சத்தில், ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கச் சொல்வேன். தாள் வெள்ளையாகத் தெரியும்படி திருத்தினால் துணியின் நிறமும் சரியாகிவிடும்.

பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி மாஸ்க் போட்டு, `Curves` கொண்டு சாம்பலை நகர்த்தினேன். பார்டர் 22-இலிருந்து 50-க்கு ஏறியது. சேலையின் உடல் சராசரியாக 150-இல் இருந்தது, அதை 90-க்கு இறக்கினேன். குங்குமத்தை 70 வரை தூக்கினேன். இப்படி இருட்டைத் தூக்கும்போது ஃபிலிமின் மணலும் கறையும் கிளம்பி வரும். 8 பிட் ஸ்கேனாக இருந்தால் படிப்படியாகப் பட்டையும் விழும். 16 பிட் வேண்டும் என்றது இதற்காகத்தான். அப்படியும் முழுக்கறுப்பாக அடைத்துப்போன இடத்தில் துணியின் நெசவு திரும்பி வராது. அங்கே நான் மடிப்பை வரைந்து சேர்ப்பதில்லை, இருட்டாகவே விட்டுவிடுகிறேன்.

அடுத்து தோல். இதில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன், வாடிக்கையாளர்களோடு அதிகம் வாதாடுவதும் இதற்காகத்தான். "கொஞ்சம் கலரா போட்டுக் குடுங்க" என்று கேட்காதவர்கள் குறைவு. நம் பேச்சில் கலர் என்றால் வெளுப்பு. இறந்துபோன ஒருவரின் முகத்தை அவருடைய பேரப்பிள்ளைகளிடம் மாற்றிக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் படத்தில் இருக்கிறபடியே பூசினாலும் உண்மை வராது. ஃபிலிம் தோலைக் கருக்கிவிடும், அதை ஈடுகட்ட அந்தக் கால ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவில் முகத்தின் மேல் பென்சிலாலும் சிவப்புச் சாயத்தாலும் டச்சப் செய்து முகத்தை மட்டும் வெளுக்க வைப்பார்கள். கையை விட்டுவிடுவார்கள். பழைய படங்களில் முகம் ஒரு நிறம், கை ஒரு நிறமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பாட்டியின் கன்னம் 140 காட்டியது, புறங்கை 85.

எது பாட்டி? இரண்டும் இல்லை. படத்தில் கைக்குழந்தையாக இருந்தவர்தான் வந்தவரின் அம்மா. பாட்டியின் நிறம் அப்படியே தனக்கு என்று அவர் சொன்னதால், அவருடைய முன்கையின் உட்பக்கத்தை, வெயில் காணாத இடத்தை, அதே திண்ணை வெளிச்சத்தில் வெள்ளைத் தாளோடு படம் எடுத்து வரச் சொன்னேன். நடுத்தர வெளிச்சத்தில் R 150, G 105, B 78 வந்தது. அதன் வெளிச்ச அளவு சுமார் 115. முகத்தை 140-இலிருந்து இறக்கி, கையை 85-இலிருந்து ஏற்றி, இரண்டையும் அந்த அளவுக்கு அருகில் கொண்டுவந்தேன். கையைச் சற்று இருட்டாகவே நிறுத்தினேன். பாவு போட வெயிலில் நின்ற கை அது.

அந்த ஒரு எண்ணை முகம் முழுக்கப் பூசினால் பொம்மை முகம்தான் கிடைக்கும். வெளிச்சம் பட்ட நெற்றியிலும் மூக்கு நுனியிலும் நிறம் மெலிய வேண்டும், ஏறக்குறைய R 205, G 170, B 145. தாடைக்குக் கீழ் நிழலில் நிறம் செம்மைக்கு நகர வேண்டும், R 82, G 50, B 38 போல. இதற்கு மேல், மிக மெல்லிய இரண்டு லேயர்கள். காது, கன்னம், விரல் கணுக்களில் கொஞ்சம் சிவப்பு, நெற்றியில் கொஞ்சம் மஞ்சள். கண்ணைச் சுற்றி நம்மவர்களுக்கு இயல்பாக இருக்கும் கருமையை அழித்துவிடக் கூடாது. உள்ளங்கை தெரிந்தால் அதற்குத் தனி நிறம். விழிவெள்ளையை வெள்ளையாக விட்டால் ஆள் முறைக்கிற மாதிரி ஆகிவிடும். அப்புறம், நால்வருக்கும் ஒரே தோல் நிறம் வைக்காதீர்கள். தாத்தா பாட்டியைவிட இரண்டு பிடி கருப்பு என்று வீட்டில் சொன்னார்கள், அப்படியே வைத்தேன்.

வண்ணமேற்றிய படம் ஒட்டவைத்தது போல இருந்தால், பெரும்பாலும் நெற்றி முடி ஓரத்தில்தான் காரணம் இருக்கும். தோல் நிறம் முடியின் வேர் வரை கரைந்து போக வேண்டும். மாஸ்க் ஓரம் கத்தியால் வெட்டியது போல நின்றால் தலையில் டோப்பா வைத்தது போலத் தெரியும். சேலை நிறத்தில் ஒரு துளி கழுத்துக்கும் தாடைக்கும் எதிரொளிக்கும். அதைச் சேர்த்த நிமிடம் முகமும் துணியும் ஒரே அறையில் இருப்பது போலாகிவிடும்.

தாத்தாவின் வேட்டியிலும் நிறம் உண்டு. சேலம் வெண்பட்டு என்றால் பால் கலந்த மங்கல் வெள்ளை, நிழலில் லேசான மஞ்சள். பருத்தி வேட்டிக்கு நீலம் போட்டு அலசுவார்கள், அதன் மடிப்பு நிழலில் நீலச் சாயல் இருக்கும். இவர் உடுத்தியிருந்தது பட்டு என்று மடிப்பின் பளபளப்பே சொன்னது. சரிகைக்குத் தட்டையான மஞ்சள் பூசக் கூடாது. அதன் நிழல் பழுப்பு, மினுக்கும் இடம் ஏறக்குறைய வெள்ளை.

வேலை முடிந்ததும் அவர் அம்மாவையே கூட்டி வந்தார். திரையில் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"தம்பி, அம்மாதான் இது. ரவிக்கை மட்டும் பச்சை இல்லப்பா. அரக்குதான் போடுவாங்க, பார்டருக்குச் சேர்ந்த மாதிரி."

ரவிக்கைக்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இருக்கவில்லை. இருட்டான சாம்பலைப் பார்த்து நான் யூகித்தது அந்தப் பச்சை. அவர்கள் எதிரிலேயே அரக்காக மாற்றினேன்.

பிரிண்ட்டின் பின்பக்கம் நான் எப்போதும் ஒரு சீட்டு ஒட்டுவேன். இதில் இப்படி எழுதினேன்: சேலை, பார்டர்: பெட்டியில் இருந்த சேலையைப் பார்த்து. தோல்: மகளின் கையைப் பார்த்து. ரவிக்கை: மகளின் நினைவு. வேட்டி: பட்டு என்ற அளவில் சரி, நிறம் யூகம். குழந்தைகளின் சட்டை, பின்திரை: முழுக்க யூகம். மூலப்படத்தை லேமினேஷன் செய்யாமல், தாள் உறையில் போட்டு அதே டிரங்குப் பெட்டியில் வைக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.