இறுக்கினால் இன்னும் வேகமாக ஏறும் எலாஸ்டிக்

தோழியின் மகளுக்கு ஓர் ஆஃப்-ஷோல்டர் டாப் தைத்துக் கொடுத்தேன். மெல்லிய பருத்தித் துணி, மேல் விளிம்பைச் சுற்றி எலாஸ்டிக். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. மறுநாளே திரும்பி வந்துவிட்டாள். "ஆன்ட்டி, கையைத் தூக்கினா மேல ஏறி கழுத்துகிட்ட வந்துடுது. அப்புறம் கையை இறக்கினாலும் இறங்க மாட்டேங்குது."

எலாஸ்டிக் தளர்வாக இருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு புயங்களையும் சேர்த்து அந்த மட்டத்தில் சுற்றளவு 98 செ.மீ. நான் போட்டிருந்த எலாஸ்டிக் 84 செ.மீ. அதைப் பிரித்து 78 ஆக்கினேன். இப்போது கையைப் பாதி தூக்கும்போதே ஏற ஆரம்பித்தது. கூடவே புயத்தில் சிவப்பாக ஒரு கோடும் விழுந்தது.

இறுக்கினால் பிடிக்கும் என்று நம் கை சொல்கிறது. பாதி உண்மைதான் அது. எந்தப் பாதி என்று பார்க்க, முதலில் நேரான ஒரு குழாயை நினைத்துக்கொள்ளுங்கள்.

குழாயைச் சுற்றி எலாஸ்டிக் வளையம் ஒன்றைப் போட்டால் அது சுருங்கப் பார்க்கும். அதனால் குழாயை உள்நோக்கி அழுத்தும். அழுத்தம் இருந்தால் உராய்வும் இருக்கும். வளையம் முழுவதையும் கூட்டினால், அது தாங்கக்கூடிய எடை என்பது எலாஸ்டிக்கின் இழுவிசையை 2π-ஆலும், இரண்டு பரப்புகள் எவ்வளவு பிடித்துக்கொள்கின்றன என்று சொல்லும் உராய்வுக் கெழுவாலும் பெருக்கி வருவது. தோலுக்கும் துணிக்கும் இடையே அந்தக் கெழுவை 0.3 என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். டாப்பின் எடை 200 கிராம். கணக்குப் போட்டால், சுமார் 106 கிராம் எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு இழுவிசை எலாஸ்டிக்கில் இருந்தால் போதும். அது ஒன்றுமே இல்லை. ஒற்றை விரலால் இழுத்துவிடலாம். ஆகவே டாப்பின் எடை இங்கே பிரச்சினையே அல்ல.

இந்தக் கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பட்டையின் அகலம் அதில் எங்கேயும் வரவில்லை. 1 செ.மீ. பட்டையானாலும் 4 செ.மீ. பட்டையானாலும் மொத்த இழுவிசை ஒன்றாக இருந்தால் பிடிப்பும் ஒன்றுதான். ஆனால் தோலில் விழும் அழுத்தம் அகலமான பட்டையில் கால்வாசி ஆகிவிடும். ஒற்றை எலாஸ்டிக்குக்குப் பதிலாக, மெல்லிய எலாஸ்டிக் நூலால் நான்கைந்து வரிசை சுருக்கம் வைத்துத் தைத்த டாப் ஏன் உறுத்தாமல் நிற்கிறது என்பதற்கு இதுதான் காரணம்.

சரி, உடம்பு குழாய் இல்லையே. புயத்தின் வெளிப்பக்கம் கிட்டத்தட்ட நேராக இருக்கிறது. மேலே போகப் போக தோள் வளைந்து, கழுத்தை நோக்கிச் சரிகிறது. அதாவது மேலே போகப் போகச் சுற்றளவு குறைகிறது. இது குழாயல்ல, கூம்பு. கூம்பின் மேல் போட்ட எலாஸ்டிக் வளையத்துக்குச் சுருங்குவதற்குச் சுலபமான வழி ஒன்று கிடைத்துவிடுகிறது: குறுகலான பக்கமாக நகர்ந்துவிடுவது. சரிவில் நகர்த்தும் விசையும் எலாஸ்டிக்கின் இழுவிசையிலிருந்துதான் வருகிறது. தடுக்கும் உராய்வும் அதே இழுவிசையிலிருந்துதான் வருகிறது. எலாஸ்டிக்கை இரண்டு மடங்கு இறுக்கினால் இரண்டுமே இரண்டு மடங்காகும். ஆகவே வளையம் நகருமா நிற்குமா என்பதை இறுக்கம் தீர்மானிப்பதில்லை. சரிவின் கோணமும் உராய்வும்தான் தீர்மானிக்கின்றன. கெழு 0.3 என்றால், செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 17 பாகைக்கு மேல் சாய்ந்த இடத்தில் வளையம் தானாகவே வழுக்கும். 0.5 என்றால் சுமார் 27 பாகை.

கையைத் தூக்கும்போது நடப்பது இதுதான். கை தொங்கும்போது எலாஸ்டிக், புயத்தின் நேரான பகுதியில் இருக்கிறது. கை மேலே போகும்போது அதையும் கூடவே தூக்கிக்கொண்டு போய்த் தோளின் சரிவில் வைத்துவிடுகிறது. அங்கே கோணம் 17 பாகையை எப்போதோ தாண்டியாகிவிட்டது. மிச்ச தூரத்தை எலாஸ்டிக்கே ஓடி முடித்துக்கொள்கிறது. நான் இறுக்கியதால் ஓட்டத்தின் வேகம்தான் கூடியது. கையை இறக்கினால் திரும்பி வராததற்கும் காரணம் இதுவே. கழுத்துப் பக்கம்தான் அதற்குச் சௌகரியம். அகலமான இடத்துக்கு அது ஏன் திரும்ப வேண்டும்?

ஆகவே செய்ய வேண்டியது இரண்டு. வளையத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அது அந்தச் சரிவை எட்டாதபடி கீழிருந்து யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

78 செ.மீ. எலாஸ்டிக்கை எடுத்துவிட்டு 90 செ.மீ. போட்டேன். புது எலாஸ்டிக்கை அளப்பதற்கு முன் நாலைந்து முறை நன்றாக இழுத்து விட வேண்டும். முதல் சில இழுப்புகளில் அது கொஞ்சம் தளர்ந்துவிடும். இழுக்காமல் அளந்தால் அந்தத் தளர்ச்சி டாப்பில் வந்து சேரும். சடை மாதிரி பின்னிய வகை எலாஸ்டிக் இழுத்தால் அகலம் குறைந்து, மடிப்புக்குள் சுருண்டுகொள்ளும். நெய்த வகை கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அகலம் மாறாது. இதற்கு அதுதான் சரி. எலாஸ்டிக் 1 செ.மீ. அகலம் என்றால் அதைக் கோக்கும் மடிப்பு உள்ளளவில் 1.3 செ.மீ. இருக்கட்டும். அதைவிட அகலமாக விட்டால் உள்ளே புரண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். குறுகலாக வைத்தால் துணி சுருக்கம் ஒரே பக்கமாகச் சேர்ந்துகொள்ளும். ஊக்கில் மாட்டிக் கோத்து, முனைகளை 1.5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜிக்ஜாக் தையல் போட்டபின், சுருக்கத்தைச் சமமாகப் பரப்பிவிட்டு, கை உடலோடு சேரும் நான்கு தையல்களிலும் மடிப்பின் குறுக்கே ஒரு சிறு தையல் போட்டுவிட்டால் எலாஸ்டிக் உள்ளே திரும்பாது. மேல் விளிம்புத் துணியின் மொத்த நீளம் இந்த டாப்பில் 140 செ.மீ. இருந்தது. துணி அந்த அளவு தாராளமாக இல்லாவிட்டால், எலாஸ்டிக் நீளத் தயாராக இருந்தாலும் துணி விடாது.

அப்புறம்தான் முக்கியமான வேலை. 5 மி.மீ. அகல எலாஸ்டிக்கில் இரண்டு துண்டுகள். மேல் விளிம்பில் முன்பக்கம் கையும் உடலும் சேரும் இடத்தில் ஒரு முனை, அக்குளுக்கு அடியில் போய், பின்பக்கம் அதே மாதிரி சேரும் இடத்தில் மறுமுனை. கை தொங்கும் நிலையில் அந்தத் தூரத்தை அளந்தேன், 24 செ.மீ. வந்தது, 22 வெட்டினேன். வெளியே எதுவும் தெரியாது. இப்போது கையைத் தூக்கினால் விளிம்பு மேலே போகப் பார்க்கும், இந்தத் துண்டு அக்குளில் மாட்டிக்கொண்டு கீழே இழுக்கும். கை இறங்கியதும் விளிம்பைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விடும். அளவு சரியா என்று பார்க்க முதலில் ஊக்கால் குத்திப் போட்டு, இரண்டு கையையும் பத்து முறை தூக்கி இறக்கச் சொல்லுங்கள். விளிம்பு நடுவில் கீழ்நோக்கி வளைந்தால் துண்டு குட்டை. இன்னும் ஏறினால் நீளம்.

மேல் விளிம்போடு சேர்ந்து டாப்பின் கீழ் விளிம்பும் வெகுவாக ஏறினால் குற்றம் எலாஸ்டிக்கில் இல்லை. கையின் அடித்தையல் அக்குளுக்கு ரொம்பக் கீழே வெட்டப்பட்டிருக்கிறது. கை எழும்போது பக்கத் தையலையே தூக்குகிறது. அதற்கு வெட்டைத்தான் திருத்த வேண்டும்.

"சிலிகோன் டேப் ஒட்டினால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. உட்பக்கம் சிலிகோன் கோடுகள் ஓடும் அந்தப் பட்டை உண்மையிலேயே நன்றாகப் பிடிக்கும். சாதாரணத் துணி தோலின் மேடுகளை மட்டும்தான் தொடுகிறது. சிலிகோன் மென்மையானது, சின்னச் சின்னப் பள்ளங்களிலும் போய்ப் படிகிறது. தொடும் பரப்பு பலமடங்கு கூடுகிறது. உராய்வுக் கெழுவும் 1-ஐ ஒட்டிப் போகிறது. 1 என்றால் வழுக்கும் கோணம் 45 பாகை. ஆனால் அது வெறும் தோலைத் தொட வேண்டும். மடிப்புக்குள் கோத்துவிட்டால் சாதாரண எலாஸ்டிக்தான். லோஷன், பவுடர், துணி மென்மையாக்கி எல்லாமே அதற்கு எதிரி. லேசான ஈரம் பிடிப்பைக் கூட்டும்; வியர்வை வழிந்தால் நடுவில் நீர்ப்படலம் வந்து வழுக்கிவிடும். பிசுபிசுப்புப் போய்விட்டது என்று பட்டையைத் தூக்கி எறிவதற்கு முன் சோப்பு நீரில் துடைத்துப் பாருங்கள்; பெரும்பாலும் நூல்தூசிதான் படிந்திருக்கும்.

அதன் பெரிய குறை வேறு. சிலிகோனுக்குத் திசை தெரியாது. இடம் மாறிவிட்டால் தப்பான இடத்தையும் அதே விசுவாசத்தோடு பிடித்துக்கொள்ளும். ஆஃப்-ஷோல்டரில் தோளுக்கு ஏறிவிட்டால் அங்கேயே உட்கார்ந்துவிடும். ஆகவே நான் அதை இங்கே போடுவதில்லை. ஸ்ட்ராப்லெஸ் டாப்பின் மேல் விளிம்புக்குத்தான் அது பொருத்தம்.

ஸ்ட்ராப்லெஸ்ஸில் கதை தலைகீழ். மார்பின் மிகப் பெருத்த கோட்டுக்கு மேலே உடம்பு மேல்நோக்கிக் குறுகுகிறது. விளிம்பு அங்கே இருக்கும்வரை எலாஸ்டிக் மேலே இருக்கத்தான் விரும்பும். உட்கார்ந்து எழும்போது துணி கீழே இழுபட்டு, விளிம்பு அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் கூம்பு திரும்பிவிடுகிறது. இனி குறுகலான பக்கம் கீழே. இங்கேயும் இறுக்கினால் ஓட்டம்தான் கூடும். அடிக்கடி மேலே இழுத்துவிட்டுக்கொள்ளும் அந்தப் பழக்கம் இங்கிருந்துதான் வருகிறது.

கனமான ஸ்ட்ராப்லெஸ் உடைகளைத் தைப்பவர்கள் அதனால் மேல் விளிம்பை நம்புவதே இல்லை. இடுப்பை நம்புகிறார்கள். இடுப்புக்குக் கீழே உடம்பு அகலமாகிறது. அங்கே நீளாத நாடா ஒன்றைச் சரியாகக் கட்டினால் அது கீழே இறங்க வழியே இல்லை. உராய்வு தேவைப்படாத ஓர் அலமாரித் தட்டு மாதிரி. 2.5 செ.மீ. அகல நாடாவை, இடுப்பளவைவிடச் சுமார் 2 செ.மீ. குறைத்து வெட்டி, பின்னால் கொக்கி வைத்து, லைனிங்கின் உட்பக்கம் தையல்களில் மட்டும் அங்கங்கே பிடித்துத் தைப்பார்கள். முதலில் கொக்கி, பிறகுதான் ஜிப். அந்தத் தட்டின் மேல், எஃகு அல்லது பிளாஸ்டிக்கால் ஆன, போன் எனப்படும் விறைப்பான மெல்லிய பட்டிகள் நிற்கும். மேல் விளிம்பைக் கீழிருந்து தூண் மாதிரி முட்டுக்கொடுக்கும். உடை மேலிருந்து தொங்குவதில்லை, இடுப்பிலிருந்து எழுந்து நிற்கிறது. போனின் முனை மேல் தையலுக்கு அரை செ.மீ. முன்பே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும். கீழே இடுப்பு நாடாவரை வராத போன் எதன் மேல் நிற்கும்? அது வெறும் அலங்காரம்.

வேலை சரியாக நடக்கிறதா என்று உடம்பே சொல்லும். ஒரு மணி நேரம் போட்டுவிட்டுக் கழற்றிப் பாருங்கள். தடம் இடுப்பில் மெலிதாக இருந்து மேலே இல்லாவிட்டால் சுமை சரியான இடத்தில் இருக்கிறது. மேல் விளிம்பில் சிவந்த கோடு விழுந்து இடுப்பில் ஒன்றுமே இல்லையென்றால் நாடா சும்மா இருக்கிறது. கொக்கியை 1 செ.மீ. உள்ளே தள்ள வேண்டும். மார்புக்குக் கீழே குறுக்கு மடிப்புகள் விழுந்தால் தூண் வளைகிறது என்று அர்த்தம்; போன் மெல்லியதாக இருக்கலாம், நாடா தளர்ந்திருக்கலாம்.

இடுப்புக்கும் அதற்குக் கீழே உள்ள அகலத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லாத உடல்வாகில் இந்தத் தட்டே கிடையாது. அங்கே எத்தனை போன் வைத்தாலும் முழு அமைப்பும் மொத்தமாக இறங்கும். தோழியின் மகள் அடுத்து ஸ்ட்ராப்லெஸ் கேட்டபோது அளவெடுத்துப் பார்த்தேன். அவள் அந்த வகை. லைனிங்கில் மெல்லிய வார் இரண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வாங்கிப் போனாள்.