எட்ஜ்: சொல்லும் பொருளும்

மேற்கு மாம்பலத்தில் இருக்கும் அக்கா மகன் பங்கு வாங்கி விற்கப் புதிதாக டிமேட் கணக்கு தொடங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

"மாமா, எல்லாரும் எட்ஜ், எட்ஜ்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?"

பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் வாளின் கூரான பக்கத்தைக் குறித்தது, வாளையே கூடக் குறித்தது. ஓரம், விளிம்பு என்ற பொருள்கள் அப்புறம் வந்தவை. எதிராளியைவிடக் கொஞ்சம் மேலே இருப்பது என்ற பொருள் அதற்கும் பிந்தியது. வர்த்தகர்கள் சொல்லும் பொருளைப் புரிந்துகொள்ள சூதாட்டக் கூடத்தைப் பார்ப்பது நல்லது. ஒற்றைச் சுழியம் உள்ள ரூலே சக்கரத்தில் 37 குழிகள். ஓர் எண்ணின் மேல் 100 ரூபாய் வைத்து வென்றால், வைத்த பணத்தோடு 3,500 ரூபாய் கிடைக்கும். 37 முறை ஆடினால் சராசரியாக ஒரு முறை வெல்வாய்; 3,700 வைத்து 3,600 எடுப்பாய். மீதி 100 கூடத்துக்கு. இன்றைக்கு யார் வெல்வார் என்று கூடத்துக்குத் தெரியாது. ஆட்டம் திரும்பத் திரும்ப நடந்தால் சராசரி தன் பக்கம் சாயும் என்பது மட்டும் தெரியும். அந்தச் சாய்வுதான் எட்ஜ்.

"தமிழில் எப்படிச் சொல்வது?"

சிலர் 'விளிம்பு' என்று எழுதுகிறார்கள். அது அகராதியின் முதல் பொருளை அப்படியே எடுத்து வைப்பது. படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. 'சாதகம்' பரவாயில்லை, ஆனால் ஜாதகத்தையும் அப்படி எழுதுவோர் உண்டு, பாட்டுப் பயிற்சிக்கும் அதே சொல். பேச்சில் 'அவன் கை ஓங்கியிருக்கு' என்கிறோமே, அதுதான் கருத்துக்கு மிக நெருக்கம். எழுத்தில் நான் 'வாய்ப்புமிகை' என்பேன். வாய்ப்பில் நமக்குக் கூடுதலாக இருக்கும் பங்கு என்பது அதிலேயே தெரிகிறது.

"பங்கு விலையோட சார்ட் பார்த்தால் அது கிடைக்குமா?"

இதற்கு ஆம், இல்லை என்று சொல்வதைவிடக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உன் விதி இது என்று வை: ஒரு பங்கு 20 நாள் உச்சத்தைத் தாண்டினால் ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கி, அன்றைக்கே விற்றுவிட வேண்டும். 900 ரூபாய் லாபம் வந்ததும் விற்றால் அது டார்கெட், 500 ரூபாய் நஷ்டத்தோடு நிறுத்திக்கொண்டால் அது ஸ்டாப்லாஸ். பழைய சார்ட்டில் 100 இடங்களைப் பார்த்தாய். 40 டார்கெட்டைத் தொட்டன, 60 ஸ்டாப்லாஸில் முடிந்தன. வரவு 36,000, செலவு 30,000. ஒரு வர்த்தகத்துக்குச் சராசரி 60 ரூபாய் லாபம். எட்ஜ் கிடைத்துவிட்டது என்று தோன்றும்.

சரி, கட்டணத்தைச் சேர். வாங்க 20, விற்க 20 என்று தரகு 40 ரூபாய். விற்கும்போது பங்குப் பரிவர்த்தனை வரி 0.025 சதவீதம், அதாவது 25 ரூபாய். முத்திரைத் தீர்வை 3 ரூபாய், எக்ஸ்சேஞ்ச் கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 14 ரூபாய் அளவில். மொத்தம் 82. அறுபது ரூபாய் லாபம் இப்போது 22 ரூபாய் நஷ்டம். நினைத்த விலையில் வாங்கவோ விற்கவோ முடியாமல் விலை நழுவிப்போவதை இன்னும் சேர்க்கவே இல்லை. இந்த விதியில் கட்டணத்தைத் தாண்டவே 100-க்கு 42 முறை ஜெயிக்க வேண்டும்.

"ஆனா 40 முறை ஜெயிச்சதே சார்ட்டாலதானே?"

அவன் நன்றாகக் கேட்டது இதுதான். சார்ட்டே பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஓரிடத்தில் வாங்கினால் என்ன ஆகும்? விலை எந்தப் பக்கமும் சாயாமல் தன்போக்கில் ஆடினால், 900 தொலைவு டார்கெட்டை 500 தொலைவு ஸ்டாப்லாஸுக்கு முன்னால் தொடும் வாய்ப்பு 1,400-க்கு 500. அதாவது 100-க்கு 36. ஆக சார்ட் கொடுத்ததாக நினைப்பது நான்கே நான்கு. 100 வர்த்தகத்தில் தற்செயலாகவே ஐந்து மேலே கீழே போவது சாதாரணம், எனவே அந்த நான்கை வைத்து எதையும் சொல்ல முடியாது. 1,000 வர்த்தகத்தில் 400 என்றால் கதை வேறு. அங்கே தற்செயல் ஆட்டம் சுமார் 15-தான், கிடைத்திருப்பதோ 40-க்கு மேல் கூடுதல்.

"அப்போ சார்ட்டில் ஒன்றுமே இல்லையா?"

அப்படியும் சொல்ல மாட்டேன். நிதித்துறைப் பேராசிரியர் ஆண்ட்ரூ லோவும் அவரோடு இருவரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், சார்ட்டில் தெரியும் தலை-தோள் போன்ற வடிவங்களைக் கண்ணுக்கு விடாமல் கணினி விதியாக எழுதி அமெரிக்கப் பங்குகளில் தேடினார்கள். சில வடிவங்களில் தகவல் இருக்கிறது என்று கண்டார்கள். அதனால் லாபம் வரும் என்று சொல்லவில்லை. நம் ஊர்க் கணக்கு இன்னும் கடுமை. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு எஃப் அண்ட் ஓ-வில், அதாவது ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்களில், வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் சொன்னது. அவர்களில் சார்ட் பார்க்காதவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அவனிடம் ஒரு வேலை கொடுத்தனுப்பினேன். விதியை முதலில் நோட்டில் எழுது, எழுதிய பிறகு மாற்றாதே. விதியை யோசிக்கும்போது பார்க்காத ஆண்டுகளில் ஓட்டிப் பார். ஒவ்வொரு வர்த்தகத்திலும் 82 ரூபாயைக் கழி. ஆயிரம் சேர்ந்ததும் நோட்டோடு வா, சேர்ந்து பார்ப்போம் என்றேன்.