கிரைண்டர் அருகே ஒட்டிய அறிவிப்பு

எங்கள் பட்டறையில் பெஞ்ச் கிரைண்டரில் பிசிர் தேய்த்துக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவரின் கையிலிருந்த சிறு இரும்புத் துண்டு, சக்கரத்துக்கும் துண்டைத் தாங்கும் ஒர்க் ரெஸ்ட்டுக்கும் நடுவே இழுக்கப்பட்டுச் சிக்கிக்கொண்டது. நல்லவேளையாக, விரல் நுனியில் சிராய்ப்போடு அவர் தப்பினார். சக்கரத்தின் விளிம்பு பெயர்ந்திருந்ததால் அதைக் கழற்றி ஒதுக்கினோம்.

அன்று மாலை, மேற்பார்வையாளர் என்ற முறையில் நான் எழுதிய அறிவிப்பு "சிலரது கவனக்குறைவால்" என்று தொடங்கியது. ஒட்டப் போகும்போதுதான், சக்கரத்தைக் கழற்றும் முன் அளந்து குறித்துவைத்த இடைவெளி நினைவுக்கு வந்தது. அது 7 மி.மீ.; 3 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. சக்கரம் தேயத் தேய அதன் விட்டம் குறைகிறது, ரெஸ்ட் மட்டும் வைத்த இடத்திலேயே நிற்கிறது. ஆகவே யாரும் தொடாமலே இடைவெளி விரிந்துகொண்டே போகும். முன்பக்கத்தில் சக்கரம் கீழ்நோக்கிச் சுழல்வதால், விரிந்த இடைவெளி துண்டை விழுங்கிக்கொள்கிறது, பின்னாலேயே விரலும் போகிறது. ரெஸ்ட்டைத் திருத்துவது யார் பொறுப்பு என்று விசாரித்தபோது, அந்த வேலை எவர் பட்டியலிலும் இல்லை என்பதும், அதற்கான ஸ்பேனர் கருவி அறையில் பூட்டிக் கிடந்ததும் தெரிந்தன.

முதல் தாளைக் கிழித்துவிட்டு, மறுநாள் இப்படி எழுதினேன்:

"பணியாளர்கள் அனைவருக்கும். இந்தக் கிரைண்டரில் சக்கரத்துக்கும் ஒர்க் ரெஸ்ட்டுக்கும் உள்ள இடைவெளி 3 மி.மீ.யைத் தாண்டியிருந்ததால் நேற்று ஒரு துண்டு சிக்கியது. ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும், மின்சாரத்தைத் துண்டித்து, சக்கரம் முழுதாக நின்ற பின், அருகில் தொங்கும் 3 மி.மீ. தகட்டைச் செருகிப் பாருங்கள். தகடு தளர்வாக ஆடினால் இயந்திரத்தை இயக்கக் கூடாது. பக்கத்திலுள்ள ஸ்பேனரால் ரெஸ்ட்டை நெருக்கி, சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எங்கும் உரசவில்லை என்று உறுதிசெய்த பிறகே இயக்க வேண்டும். முடியாவிட்டால் என்னை அழையுங்கள். அவசர வேலை என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், இதில் விலக்கு இல்லை."

"இயக்கக் கூடாது" என்பதை "தவிர்க்கவும்" என்று மென்மையாக்க எனக்கு மனமில்லை. கண்டிப்பு முழுவதும் இயந்திரத்தின் நிலைமீது இருந்தால், அது எந்த மனிதரையும் குத்தாது. காயம்பட்டவரின் பெயரோ, அவர் வேலை செய்த ஷிப்டோ அறிவிப்பில் இல்லை; ஷிப்டைக் குறிப்பிட்டாலே ஆளை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். தகட்டையும் ஸ்பேனரையும் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் தாளை ஒட்டினேன். கைக்கு எட்டாத கருவியை வைத்துக்கொண்டு விதியை மட்டும் எழுதியிருந்தால், அடுத்த தவறும் அவர்கள் தலையில்தான் விழுந்திருக்கும்.

தாளைப் படித்துவிட்டு அந்தத் தொழிலாளியே என்னிடம் வந்தார். "முந்தின வாரமும் ஒரு துண்டு இப்படித்தான் இழுத்தது சார், திட்டு விழும்னு சொல்லலை" என்றார்.