ஏழு பெட்டி போகிறது, ஐந்து பெட்டி எப்போது?

யாழ்ப்பாணத்தில், பனங்கிழங்கைக் காயவைத்து அரைக்கும் ஒடியல் மாவைப் பொதி செய்து கொழும்புக் கடைகளுக்கு அனுப்பும் இடமொன்றில் அனுப்பும் பகுதி என் பொறுப்பு. வெள்ளவத்தைக் கடையொன்று 12 பெட்டி கேட்டிருந்தது. பெட்டிக்கு அரைக் கிலோப் பைகள் 20. மாசியில் எதிர்பாராமல் பெய்த மழையில் ஒடியல் காயவில்லை. 7 பெட்டிதான் தயார்.

அன்று நான் விட்ட பிழைகள் இரண்டு. லொறி புறப்பட்ட பிறகுதான் கடைக்காரருக்குச் சொன்னேன். அதுவும் "மிகுதி கெதியாய் வரும்" என்று ஒரு வரியில். பெட்டிகளில் 1/12, 2/12 என்றே எழுதியிருந்தோம், பில்லும் பன்னிரண்டுக்கே போட்டிருந்தது. சாமான் இறக்கியவர் ஐந்து பெட்டி தொலைந்துவிட்டதென்று லொறிக்காரரைப் பிடித்துக்கொண்டார். பாவம், அந்த மனுசன் ஒரு பெட்டியும் தொலைக்கவில்லை.

இப்போது பெட்டி ஏற்றுவதற்கு முன்பே போன் எடுத்து, பகுதியாக அனுப்பலாமா, சேர்த்தே வேண்டுமா என்று கேட்கிறேன். சிலருக்கு அரைகுறையாக வருவது உதவாது. சம்மதித்தால், அதே விஷயத்தை வட்ஸ்அப்பில் எழுத்திலும் அனுப்புவேன். அன்றைய ஓடருக்கு அது இப்படி இருந்திருக்க வேண்டும்:

"அண்ணை, உங்கள் ஓடர் 12 பெட்டி. இன்று செவ்வாய் 4ஆம் திகதி இரவு லொறியில் 7 பெட்டி (140 பை) வருகிறது. பில்லும் ஏழுக்குத்தான். மிகுதி 5 பெட்டி (100 பை) 12ஆம் திகதி புதன் இரவு ஏறும், வியாழன் காலை உங்களுக்குக் கிடைக்கும். மழையால் ஒடியல் காயவில்லை, அதுதான் காரணம். திகதி மாறுமென்றால் திங்கள் பின்னேரத்துக்குள் சொல்கிறேன். இரண்டாவது லொறிக் கூலி எங்களுடையது. மிகுதி வேண்டாமென்றால் அதையும் சொல்லுங்கள்."

இதில் கவனமாகப் போட வேண்டியது திகதிதான். ஒடியலுக்கு இன்னும் மூன்று நாள் நல்ல வெயில் வேண்டும்: புதன், வியாழன், வெள்ளி. சனி அரைத்து அரித்தெடுக்க. திங்கள் பொதி செய்ய. அப்படியென்றால் செவ்வாய் இரவே ஏற்றலாம். ஆனால் ஒரு நாள் மேகம் மூடினால் அந்தக் கணக்குச் சரிந்துவிடும், அதனால்தான் புதன். அரைகுறையாகக் காய்ந்ததை அவசரத்துக்கு அரைத்தால் மா கட்டிபட்டு, பைக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். திகதியைக் காப்பாற்ற அதை மட்டும் செய்யவே கூடாது. ஏறும் நாளும் கிடைக்கும் நாளும் தனித்தனியே எழுதாவிட்டால், வாங்குபவர் ஏறும் நாளன்றே கடை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பெட்டிகளில் இப்போது "முதல் பகுதி 1/7" என்று எழுதுகிறோம். ஓடர் இலக்கம் இரண்டு தடவையும் ஒன்றே. மிகுதியின் உற்பத்தித் திகதி வேறாக இருக்கும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பழையதும் புதியதும் கலந்து வந்ததாக நினைப்பார்கள்.

அந்த வெள்ளி மேகம் மூடியது. சனி காய வைத்து, திங்கள் அரைத்து, செவ்வாய் பொதி செய்தோம். புதன் இரவு ஐந்து பெட்டியும் ஏறின. கூடப் போன துண்டில் எழுதியது இவ்வளவுதான்: ஓடர் 12, முன்பு 7, இப்போது 5, மிகுதி இல்லை.