இந்த மதிப்பு கிடைக்குமா? வீச்சகத்தைக் காட்டிக்கொடுக்கும் தன்மைக்காட்டி

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “விகிதமுறு சார்பின் வீச்சகம் காணச் சொன்னால், சார்பை y என்று வைத்து, குறுக்கே பெருக்கி, தன்மைக்காட்டி ≥ 0 என்று போட்டால் விடை வந்துவிடுகிறது. ஆனால் தன்மைக்காட்டி என்பது x-இன் மூலங்களைப் பற்றியதுதானே? அது எப்படி y-க்கு எல்லை கட்டுகிறது?”

இந்தக் கேள்வி தோன்றாமலேயே இந்தக் கணக்கை வருடக்கணக்காகப் போடுகிறவர்கள் நிறையப் பேர். வழியை மட்டும் மனப்பாடம் செய்தால் அது எங்கே ஏமாற்றும் என்பதும் தெரியாமல் போய்விடும். அதனால் ஒரே ஒரு சார்பை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம்.

y = (x² − x + 1) / (x² + x + 1)

பகுதியில் இருக்கும் x² + x + 1 எந்த மெய்யெண்ணுக்கும் பூச்சியம் ஆகாது. ஆகவே x எதுவாக இருந்தாலும் y-க்கு ஒரு மதிப்பு உண்டு. சில எண்களைப் போட்டுப் பார்க்கலாம். x = 0 என்றால் y = 1. x = 1 என்றால் 1/3. x = 2 என்றால் 3/7. x = −1 என்றால் 3. x = −2 என்றால் 7/3. எல்லாம் 1/3-க்கும் 3-க்கும் நடுவில் நிற்பது போலத் தெரிகிறது. ஆனால் x = −1.1 போட்டால் 3-ஐத் தாண்டிவிடாது என்று எப்படிச் சொல்வது? எத்தனை எண்கள் போட்டுப் பார்த்தாலும், போடாத எண்கள் மீதி இருந்துகொண்டே இருக்கும்.

இங்கேதான் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். “இந்த x-க்கு என்ன y வரும்?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “இந்த y எனக்கு வேண்டும், அதைத் தரக்கூடிய x இருக்கிறதா?” என்று கேட்போம். ஒரு மதிப்பு வீச்சகத்தில் இருக்கிறது என்பதற்கு அர்த்தமே இதுதான்: அதைத் தரும் மெய்யெண் x ஒன்றாவது இருக்க வேண்டும்.

y = 2 கிடைக்குமா? 2(x² + x + 1) = x² − x + 1 என்று எழுதிச் சுருக்கினால் x² + 3x + 1 = 0. தன்மைக்காட்டி 9 − 4 = 5. மூலங்கள் உண்டு, ஆகவே 2 கிடைக்கும். y = 4 கிடைக்குமா? இப்போது 3x² + 5x + 3 = 0 வருகிறது. தன்மைக்காட்டி 25 − 36 = −11. அப்படி ஒரு x இல்லை, ஆகவே 4 கிடைக்காது.

கவனித்தீர்களா? ஒவ்வொரு y-க்கும் தனியாக ஓர் இருபடிச் சமன்பாடு பிறக்கிறது. 2-க்கு ஒன்று, 4-க்கு வேறொன்று. அந்தச் சமன்பாட்டின் கெழுக்களை முடிவு செய்வது y. கெழுக்களில் y உட்கார்ந்திருப்பதால், கெழுக்களிலிருந்து கட்டப்படும் தன்மைக்காட்டியிலும் y வந்துவிடுகிறது. வாசகியின் கேள்விக்குப் பதில் இதுதான். தன்மைக்காட்டி x-இன் மூலங்களைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் அந்த மூலங்கள் இருப்பதும் இல்லாததும் y-இன் கையில் இருக்கிறது.

தன்மைக்காட்டிக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதை நாம் பள்ளியில் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். ax² + bx + c = 0 என்பதை 4a-ஆல் பெருக்குங்கள். இது கணித அறிஞர் ஸ்ரீதரர் சொன்ன வழி என்று 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் குறித்து வைத்திருக்கிறார். பெருக்கிய பிறகு இரு பக்கமும் b² சேர்த்து, 4ac-யை வலப்பக்கம் தள்ளினால் கிடைப்பது:

(2ax + b)² = b² − 4ac

இடப்பக்கம் ஒரு வர்க்கம். x மெய்யெண்ணாக இருக்கும்வரை அது குறை எண் ஆகவே முடியாது. 9-ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த கணித அறிஞர் மகாவீரர், குறை எண் இயல்பிலேயே வர்க்கம் அல்ல, ஆகவே அதற்கு வர்க்கமூலம் இல்லை என்று எழுதினார். அந்த ஒரே உண்மைதான் இங்கே வேலை செய்கிறது. வலப்பக்கம் குறை எண்ணாகிவிட்டால், நீங்கள் கேட்ட y-ஐத் தர எந்த x-ஆலும் முடியாது.

சரி, ஒவ்வொரு y-ஆகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். y-ஐ எழுத்தாகவே விட்டுவிடுவோம். குறுக்கே பெருக்கினால்

(y − 1)x² + (y + 1)x + (y − 1) = 0

இதன் தன்மைக்காட்டி (y + 1)² − 4(y − 1)². இது இரு வர்க்கங்களின் வித்தியாசம், ஆகவே (3 − y)(3y − 1) என்று பிரியும். இது குறை எண் ஆகாமல் இருக்க, y என்பது 1/3-இலிருந்து 3 வரை இருக்க வேண்டும். x = −1.1 பற்றிய சந்தேகம் இதோடு தீர்ந்தது. அந்த எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு மதிப்பும் உண்மையிலேயே கிடைக்கும் என்பதும் கூடவே தெரிந்துவிட்டது. y = 1-ஐ மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே x² கெழு பூச்சியமாகி, சமன்பாடு இருபடியாகவே இல்லை. மிச்சம் 2x = 0, அதாவது x = 0. எனவே 1-உம் கிடைக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது எல்லையில் நடப்பதுதான். y = 2-க்கு வந்த சமன்பாட்டைப் பாருங்கள். அதன் இரு மூலங்களின் பெருக்கல் 1, அதாவது ஒன்று மற்றதன் தலைகீழ். பொதுச் சமன்பாட்டிலும் முதல் கெழுவும் கடைசிக் கெழுவும் ஒன்றுதான் என்பதால், y எதுவானாலும் இப்படித்தான். x = 2-உம் x = 1/2-உம் ஒரே 3/7-ஐத் தருகின்றன. வரைபடத்தில் ஒரு கிடைக்கோடு வளைவரையை இரண்டு இடத்தில் வெட்டுகிறது. y-ஐ 3-ஐ நோக்கி மெதுவாக உயர்த்தினால் அந்த இரு புள்ளிகளும் நெருங்கி வருகின்றன. சரியாக y = 3-இல், தன்மைக்காட்டி பூச்சியமாகும்போது, இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஓர் எண் தன் தலைகீழுக்கே சமமாக இருக்க வேண்டுமென்றால் அது 1 அல்லது −1 மட்டுமே. x = −1-இல் உச்சம் 3, x = 1-இல் தாழ்வு 1/3. வகைக்கெழுவைத் தொடாமலேயே உச்சமும் தாழ்வும் எங்கே இருக்கின்றன என்பது வந்துவிட்டது.

இனி, இந்த வழி கவிழ்த்துவிடும் இடங்கள். y = x²/(x² + 1) என்பதை எடுங்கள். சமன்பாடு (y − 1)x² + y = 0, தன்மைக்காட்டி −4y(y − 1). நிபந்தனை y-ஐ 0-இலிருந்து 1 வரை விடுகிறது, இரு முனைகளும் சேர்த்து. ஆனால் y = 1 போட்டால் சமன்பாடு 1 = 0 என்று வந்து நிற்கிறது. 1 கிடைக்காது, வீச்சகம் [0, 1). நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்காகச் சூத்திர அட்டையை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவதால் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது இங்கேதான், அவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. x² கெழு பூச்சியமாகும் y-இல் தன்மைக்காட்டி வெறும் b² ஆகிவிடும். ஆகவே b² − 4ac ≥ 0 என்ற நிபந்தனை அங்கே எதையும் தடுக்காது, தானாகவே நிறைவேறிவிடும். அந்த y-ஐச் சமன்பாட்டில் நேராகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொரு இடம் இதைவிட நுட்பமானது. y = (x² − 3x + 2)/(x² + x − 6). குறுக்கே பெருக்கினால் (y − 1)x² + (y + 3)x − (6y + 2) = 0. தன்மைக்காட்டியைக் கணக்கிட்டால் 25y² − 10y + 1, அதாவது (5y − 1)². எப்போதும் குறை எண் ஆகாது. அப்படியானால் எல்லா மெய்யெண்களும் வீச்சகத்தில் உண்டா? இல்லை. தன்மைக்காட்டி இப்படி முழு வர்க்கமாக வந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும். தொகுதியிலும் பகுதியிலும் (x − 2) பொதுவாக இருக்கிறது. அதனால் y எதுவாக இருந்தாலும் x = 2 அந்தச் சமன்பாட்டை நிறைவு செய்துவிடும். ஆனால் x = 2-இல் பகுதி பூச்சியம், அங்கே சார்பே கிடையாது. இருக்கிறது என்று தன்மைக்காட்டி சொன்ன மூலம் சார்பகத்துக்கு வெளியே நிற்கிறது. பொதுக்காரணியை நீக்கினால் (x − 1)/(x + 3) மிஞ்சும். இது 1 என்ற மதிப்பை ஒருபோதும் எட்டாது. x = 2-ஐ ஒதுக்கியதால் 1/5-உம் கிடைக்காது. அந்த 1/5 என்பது தன்மைக்காட்டி பூச்சியமான அதே y-தான். இரு மூலங்களும் ஒன்றாகி 2-ஆகவே ஆகிவிடும் இடம் அது. ஆகவே குறுக்கே பெருக்குவதற்கு முன்பே காரணிப்படுத்திப் பார்த்துவிடுவது நல்லது.

இதெல்லாம் தாளில் மட்டும் நடப்பதல்ல. 12 வோல்ட் மின்கலம் ஒன்று, அதன் அக மின்தடை 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வெளியே R ஓம் மின்தடையை இணைத்தால் அதில் செலவாகும் திறன்

P = 144R / (R + 2)²

இதுவும் ஒரு விகிதமுறு சார்புதான். 16 வாட் கிடைக்குமா என்று கேட்டால் R² − 5R + 4 = 0 வருகிறது. R = 1 அல்லது 4. சரிபார்த்துக்கொள்ளலாம்: 1 ஓம் என்றால் 4 ஆம்பியர் ஓடி 16 வாட், 4 ஓம் என்றால் 2 ஆம்பியர் ஓடி அதே 16 வாட். 20 வாட் கேட்டால் 5R² − 16R + 20 = 0. தன்மைக்காட்டி 256 − 400, குறை எண். எந்த மின்தடையை மாட்டினாலும் இந்த மின்கலத்திலிருந்து 20 வாட் எடுக்க முடியாது.

P-ஐ எழுத்தாக விட்டால் PR² + (4P − 144)R + 4P = 0. தன்மைக்காட்டி (4P − 144)² − 16P², சுருக்கினால் 1152(18 − P). எனவே P அதிகபட்சம் 18 வாட். அப்போது இரு மூலங்களும் சேர்ந்து R = 2 ஆகின்றன, அதாவது அக மின்தடைக்குச் சமம். மின்னியல் பாடத்தில் பெருமத் திறன் மாற்றத் தேற்றம் என்று படிப்பது இதுதான்.

இங்கே ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. மின்தடை குறை எண்ணாக இருக்க முடியாது, தன்மைக்காட்டிக்கோ அந்த விஷயம் தெரியாது. மூலம் மெய்யெண்ணா என்பதை மட்டும்தான் அது பார்க்கும். எனவே மூலங்களின் குறியை நாம் பார்க்க வேண்டும். பெருக்கல் 4, அது மிகை. கூடுதல் (144 − 4P)/P, P 0-க்கு மேல் 18 வரை இருக்கும்போது அதுவும் மிகை. ஆக இரு மூலங்களுமே மிகை, 18 வாட் உண்மையான எல்லைதான். நம் முதல் சார்பில் இதே சோதனை விடையையே மாற்றிவிடும். அங்கே x ≥ 0 என்று கட்டுப்படுத்தினால், பெருக்கல் 1 என்பதால் இரு மூலங்களுக்கும் ஒரே குறி. கூடுதல் (1 + y)/(1 − y) மிகையாக வேண்டுமென்றால் y < 1. x = 0-இல் கிடைக்கும் 1-ஐயும் சேர்த்துக்கொண்டால் வீச்சகம் [1/3, 1]. 1-க்கு மேல் 3 வரையிலான மதிப்புகள் எல்லாம் குறை எண் x-களால் வந்தவை.